விலாசத்தில் விட்டுப்போன தெரு

ஆறு வருஷத்தில் செவ்வந்தி பதினோரு விண்ணப்பம் எழுதியிருந்தாள். பால்வாடிக்கு இரண்டு, சத்துணவுக் கூடத்துக்கு மூன்று, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்று, மற்றது எல்லாம் எதற்கென்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்த அட்டையை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கப் போவாள். விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒரு முத்திரையை வாங்கிக்கொண்டு இருட்டும்போது நெடுங்குட்டைக்குத் திரும்புவாள். மறுநாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவருடைய கொல்லைக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவாள்.

அவள் பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு வரைக்கும் சங்கராபுரத்தில் ஆஸ்டலில் தங்கிப் படித்துத் தேறினவள். ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் காலனியில் அவ்வளவு தூரம் படித்த பொம்பளை அவள் ஒருத்திதான். அதனால் ஒரு லாபமும் வரவில்லை. காலனியில் யாருக்காவது முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத வேண்டுமென்றால் அவளிடம் வருவார்கள். அவ்வளவுதான். இருபத்தேழு வயதில் கை இரண்டும் காய்த்துப்போய், பேனா பிடித்தால் விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது.

புருஷன் ராசு சங்கராபுரம் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். எண்பத்தேழு ஆவணி மாசக் கடைசியில் ஒரு நாள், மில் வேலை இல்லாததால், ஊர்த் தெரு ராமசாமியின் கருகிப்போன கிணற்று மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கராபுரத்துக்குப் போனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொளஞ்சியப்பன் என்பவர் எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், புதுசாகக் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சுற்று வட்டாரக் கிணற்று மோட்டாரெல்லாம் எரிந்தால் அங்கேதான் வரும்.

ராசு போன நேரத்தில் பட்டறையில் ஒரே கூச்சல். மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மோட்டாருக்குப் பதிலாக வேறு எவருடையதையோ கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று திரும்ப வந்து நின்றார். எல்லாம் ஒரே பச்சைப் பெயின்ட் அடித்த மோட்டார். எது யாருடையது என்று மேலே கட்டியிருந்த அட்டைச் சீட்டில் எழுத்தைப் படிக்க முடியவில்லை. கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு பேரு வேலை செய்றானுங்க. ஒருத்தனுக்கும் நாலு எழுத்து ஒழுங்கா எழுத வராது. சீட்டு எழுத ஒரு ஆள் கெடைச்சா வெச்சுக்குவேன்யா."

ராசு மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எங்க வூட்ல படிச்சிருக்குதுங்க. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

"எழுதிக் குடுக்கச் சொல்லு. பாக்கலாம்" என்றார் கொளஞ்சியப்பன். யார், எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அது இல்லை.

ராசு வந்து இதைச் சொன்னபோது செவ்வந்தி அடுப்படியில் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். உடனே எழுந்து ஓடிவிடவில்லை. பதினோரு விண்ணப்பம் எழுதினவளுக்குப் பன்னிரண்டாவதுக்கு என்ன அவசரம்.

"எழுதறேன். எழுதனா மட்டும் இன்னா ஆகப் போவுது" என்றாள்.

"ஆவுதோ ஆவலியோ, எழுதிக் குடு. இவரு கவர்மென்ட்டு இல்ல. படிச்சிப் பாப்பாரு."

மறுநாள் மத்தியானம் வேலை விட்டு வந்தவள், கடையில் கோடு போடாத வெள்ளைத் தாள் இரண்டு வாங்கிவந்தாள். ஒன்று தப்பாகிவிட்டால் இன்னொன்று. மகள் பாரதி ஒன்றாவது படித்தாள். அவளுடைய கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் கோடு மேலே மங்கலாகத் தெரியும். அதன்மேல் எழுதினால் வரி ஏறவும் இறங்கவும் செய்யாது. இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தாளை மடித்துப் பிரித்தாள். அந்த மடிப்புத்தான் ஓரம். இவையெல்லாம் ஆஸ்டலில் கற்றது. பேனாவைப் பிடிக்கும் முன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அனுப்புநர் என்று எழுதி, கீழே பெயரை எழுதினாள். புருஷன் பெயரை எழுதினாள். அதற்கு அடுத்த வரியில் 'காலனித் தெரு' என்று எழுதப் போனாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்த ராசு எட்டிப் பார்த்தான்.

"அத எழுதாத."

"எத?"

"காலனின்னு எழுதாத. ஊர் பேரு மட்டும் போடு. போதும்."

"விலாசம்னா முழுசாத்தான எழுதணும்."

"எழுதனா அதோட மடிச்சி வெச்சிடுவாங்க. மொதல்ல உன் எழுத்தப் பாக்கட்டும். அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

அவன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுவிடுவது பொய் ஆகாது என்று அவளும் நினைத்தாள். நினைத்தாலும் பேனா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவள் எழுதி முடித்தபோது தாளில் இருந்தது இவ்வளவுதான்:

அனுப்புநர்
ரா. செவ்வந்தி,
க/பெ. ராசு,
நெடுங்குட்டை கிராமம், அஞ்சல்,
சங்கராபுரம் வழி.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
மோட்டார் காயில் கட்டும் பட்டறை,
பேருந்து நிலையம் பின்புறம்,
சங்கராபுரம்.

ஐயா,

பொருள்: சீட்டு எழுதும் வேலை வேண்டி விண்ணப்பம்.

வணக்கம். தங்கள் பட்டறையில் சீட்டு எழுத ஆள் தேவை என்று அறிந்தேன். நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி பெற்றவள். தமிழும், ஆங்கில எழுத்தும், எண்களும் தெளிவாக எழுதுவேன். அவ்வேலையை எனக்குத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்: நெடுங்குட்டை
நாள்: 10.9.87

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. செவ்வந்தி.

குடும்பக் கஷ்டத்தை ஒரு வரி சேர்க்கலாமா என்று ராசு கேட்டான். மற்றவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். முந்தைய பதினொன்றிலும் கஷ்டத்தை எழுதிப் பார்த்தாகிவிட்டது. தாளை மூன்றாக மடித்து, அவளே மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பட்டறை மேஜைமேல் வைத்தாள். கொளஞ்சியப்பன் கிணறு பார்க்க வெளியே போயிருந்தார். சக்கரத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கந்தசாமி என்ற மூத்த வேலைக்காரர், "அண்ணன் வந்தா குடுக்கறேம்மா. கார்டு போடுவாரு" என்றார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. கார்டு வரவில்லை. வராததில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை.

வியாழக்கிழமை சாலை நின்றது. ஊர்த் தெரு ஜனங்களின் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று முன்பே சுவரில் எழுதியிருந்தார்கள். புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மில்லுக்கு நெல் வராததால் ராசுவுக்கு வேலை இல்லை. கொல்லைக்காரர்கள் எல்லாம் மறியலுக்குப் போனதால் செவ்வந்திக்கும் வேலை இல்லை. காலனியில் ஆம்பிளைகள் ஊர்ப் பக்கம் போகாமல் இருந்தார்கள். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கெங்கோ கூரை எரிந்தது என்றார்கள். எது நிஜம், எது வதந்தி என்று யாருக்கும் தெரியவில்லை. கூரையில் தீ வைத்தால் அணைக்க வாசலில் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே கல்வராயன் மலை எப்போதும்போல நீலமாகக் கிடந்தது. இருந்த கேழ்வரகு ஐந்தாம் நாள் தீர்ந்தது.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் நாலு நாள் கழித்துத்தான் அவள் சங்கராபுரம் போனாள். பட்டறையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே கந்தசாமி மட்டும் இருந்தார்.

"அண்ணன் கடலூர் போயிருக்காரும்மா. அவரு மச்சினன் அய்யப்பன ஜெயில்ல போட்டுட்டாங்க. மறியல்ல புடிச்சிக்கினு போனாங்க. ஜாமீனுக்கு அலையறாரு." பிறகு அவளை உற்றுப் பார்த்துச் சொன்னார். "நீ நெடுங்குட்டைதான? உனக்குத்தான் கார்டு போட்டாரே. புதன்கிழமை வரச் சொல்லி. நான்தான் தபால் பெட்டில போட்டேன்."

"எனக்கு வரலிங்களே."

"போட்டேம்மா. காகிதத்துல இருந்த விலாசத்தப் பாத்து அவரே எழுதனாரு. எழுத்து நல்லாருக்குதுன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கினு இருந்தாரு, அந்தப் பொண்ணு வந்துச்சான்னு."

செவ்வந்தி வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதில் வராமல் இருந்தது அவளுக்குப் பழக்கம். பதில் வந்து, தன் கைக்கு வராமல் போனது புதுசு. பழகின வலியைவிட இது அதிகமாக வலித்தது.

ஊர் திரும்பியதும் தபால்காரர் தங்கமணியைப் பிடித்தாள். அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு யோசித்தார்.

"ராசுன்னு ஒரு கார்டு வந்துச்சு. ஆமா. க/பெ. ராசு. ஊர்ல ராசு மூணு பேரு இருக்கான். காலனின்னு போட்டிருந்தா நேரா உன்கிட்ட குடுத்திருப்பேன். ஒண்ணும் போடலியே, நான் ஊர்த் தெருவுன்னு நெனச்சிக்கினு ஆண்டாள் அம்மா வூட்ல குடுத்துட்டேன். அவங்க புள்ளயும் ராசுதான."

"பேரு செவ்வந்தின்னு இருந்திருக்குமே."

"அந்த வூட்டு மருமவ பேரு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

அவர்மேல் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. விலாசத்தில் ஒரு வரியை எடுத்தவள் அவள்தான்.

ஊர்த் தெருவுக்குள் அந்த வாரத்தில் போவதற்கு அவளுக்குக் கால் வரவில்லை. ராசு தான் போகிறேன் என்றான். ஆம்பிளை போனால் வேறு பேச்சு வரும் என்று அவனை நிறுத்திவிட்டு, மத்தியான வெயிலில், ஆள் நடமாட்டம் கம்மியாக இருக்கிற நேரம் பார்த்து ஆண்டாள் வீட்டுப் பின் வாசலுக்குப் போய் நின்றாள். மருமகள் செந்தமிழ்ச்செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீயா அது?"

"ஆமாங்க."

"அடிப்பாவி! க/பெ. ராசு, செவ்வந்தின்னு கார்டு வருது. நேர்ல வரவும்னு எழுதியிருக்குது. எங்க வூட்டுக்காரருக்கு செவ்வந்தின்னு இன்னொரு சம்சாரம் இருக்குதுன்னு நெனச்சி ரெண்டு வாரமா நான் அவருகூடப் பேசல. சோறு போட்டுட்டு நவுந்து போய்டறேன். அவருக்கு ஏன்னே தெரியல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த இரண்டு வாரமும் அவளுக்கும் லேசாகப் போகவில்லை என்று செவ்வந்திக்குப் புரிந்தது. செந்தமிழ்ச்செல்வி உள்ளே போய், காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த கார்டை எடுத்துவந்தாள். கையில் கொடுக்காமல் துவைக்கிற கல்மேல் வைத்தாள். செவ்வந்தி எடுத்துக்கொண்டாள். அப்படி வைப்பதும் எடுப்பதும் இரண்டு பேருக்கும் பழக்கம். அதைப் பற்றி இரண்டு பேரும் நினைக்கக்கூட இல்லை.

கார்டில் இரண்டே வரி. 'தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. புதன்கிழமை காலை நேரில் வரவும்.' கீழே கையெழுத்து. தங்கள் என்று ஒருவர் தனக்கு எழுதியதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே மிச்சம் இருந்த வெள்ளைத் தாளை எடுத்தாள். அதே மடிப்பு, அடியில் அதே கோடு போட்ட பக்கம். ராசு அரிக்கேனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். இந்தத் தடவை 'காலனித் தெரு' என்ற வரியை முதலில் எழுதிவிட்டு, அதற்கு மேலும் கீழும் மற்றதை நிரப்பினாள். கடைசியில் ஒரு வாக்கியம் கூட்டினாள்: 'முன்பு தாங்கள் அனுப்பிய அஞ்சலட்டை தாமதமாகக் கிடைத்தமையால் குறித்த நாளில் வர இயலவில்லை. பொறுத்தருளவும்.'

ஏன் தாமதம் என்று எழுதவில்லை.

கொளஞ்சியப்பனை அவள் பார்த்தது அக்டோபர் நடுவில். ஐம்பது வயசுக்காரர், தூக்கம் கெட்ட கண்கள், சட்டையில் வார்னிஷ் கறை. பட்டறையின் மூலையில் ஒரு நாற்காலியில் முப்பது வயதுள்ள ஒருவன் உட்கார்ந்து, அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான். தாடி மழிக்காமல் இருந்தது. அவன்தான் ஜெயிலிலிருந்து வந்த அய்யப்பன் என்று சொல்லாமலே தெரிந்தது.

கொளஞ்சியப்பன் தாளை வாங்கி, நின்றபடியே படித்தார். முதல் சில வரியில் கண் நின்றது. பிறகு மேஜை டிராயரை இழுத்து, பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொதல்ல எழுதனதுல தெரு இல்லியே."

"இல்லிங்க. நான்தான் எழுதல."

"ஏன்?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "எழுதனா கூப்பிட மாட்டீங்கன்னு விட்டுட்டேங்க. அதனாலதான் கார்டு வேற வூட்டுக்குப் போய்டுச்சி."

அவர் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தட்டிச் சரி செய்தார். தேவைக்கு மேலே அதிக நேரம் தட்டினார்.

"கூப்பிட்டிருப்பேனான்னு கேட்டா எனக்கும் தெரியலம்மா" என்றார். "எழுத்தப் பாத்துட்டு எழுதிட்டேன். தெருவப் பாத்திருந்தா எழுதியிருப்பேனா இன்னான்னு இப்ப எப்பிடிச் சொல்றது."

அவள் மூலையில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இப்ப எடம் இல்ல. மச்சினன் வந்துட்டான். அவனுக்கும் ஒரு வேலை வேணும். வூட்ல சொல்றதத் தட்ட முடியல. எங்காளுங்க ரோட்ல உக்காந்ததும் ஒரு வேலைக்குத்தான்." சொல்லிவிட்டு, தான் ஏன் இவளிடம் இவ்வளவு விளக்கம் சொல்கிறோம் என்று நினைத்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

"காகிதம் இருக்கட்டுங்களா, எடுத்துக்கினு போவட்டுங்களா?"

"இருக்கட்டும்."

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அவள் நடந்தே ஊர் போனாள். ஏழு கிலோமீட்டர். வழியில் வெட்டிப்போட்ட புளியமரத்தின் கிளைகளைப் பொம்பளைகள் விறகுக்குக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒரு கட்டு கழித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். போன வழி வீணாகவில்லை என்று ராசுவிடம் சொல்ல ஏதோ ஒன்று வேண்டுமே.

கார்த்திகை மாசம் அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, காலனி முனையில் தங்கமணியின் சைக்கிள் மணி அடித்தது. வரச் சொல்லிக் கொளஞ்சியப்பன் போட்டிருந்த இந்தக் கார்டில் 'காலனித் தெரு' என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது.

பட்டறையில் நடந்ததைக் கந்தசாமிதான் பின்னால் அவளுக்குச் சொன்னார். எரிந்த மோட்டாரிலிருந்து பழைய கம்பியை எடுத்து எறியும் முன், அதில் எத்தனை சுற்று, என்ன கனத்துக் கம்பி, காயில் எந்தக் காடியிலிருந்து, அதாவது கம்பி உட்காரும் பள்ளத்திலிருந்து, எந்தக் காடிக்குப் போகிறது என்பதை எல்லாம் எண்ணிக் குறித்துவிட வேண்டும். எறிந்துவிட்டால் பிறகு எண்ண எதுவும் இருக்காது. அய்யப்பன் குறித்த சீட்டில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரின் கணக்கு மூன்றுக்கும், மூன்றின் கணக்கு ஐந்துக்கும் மாறிப்போயிற்று. பெரிய மோட்டாரில் மெலிந்த கம்பியைக் கட்டினார்கள். கிணற்றில் இறக்கி இரண்டாம் நாளே அது மறுபடி கருகிவிட்டது. மற்றது சரியாகத் தண்ணீர் இறைக்கவில்லை. நடவு நேரத்தில் தண்ணீர் இல்லாமல் இரண்டு விவசாயிகளும் வந்து பட்டறை வாசலில் நின்றார்கள். கொளஞ்சியப்பன் இரண்டையும் கைக்காசு போட்டுத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

"அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது" என்றார் கந்தசாமி. "அவன் மனசு எழுத்துல இல்ல. ஜெயில்லயே விட்டுட்டு வந்துட்டான்."

செவ்வந்தி போன முதல் நாள், கொளஞ்சியப்பன் ஒரு பழைய அட்டையை அவளிடம் நீட்டினார். ஊதாக் கறையாகத் தெரிந்ததே தவிர எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பெயின்ட் கடை வாசனை அடித்தது.

"இது எதுலங்க நனையுது?"

"கட்டி முடிச்சதும் வார்னிஷ் ஊத்துவோம். தின்னர் கலந்தது. அது மேல பட்டுடும்."

"பேனா மை அதுல கரைஞ்சிடுது போல. பென்சில்ல எழுதிப் பாக்கலாங்களா?"

அவள் ஒரு அட்டையில் பென்சிலால் அழுத்தி எழுதினாள். பெயர், ஊர், குதிரைச் சக்தி, காடி, சுற்று, கம்பி கனம், ஒன்றன்கீழ் ஒன்றாக, எண்கள் எல்லாம் வலப்பக்கம் ஒரே நேராக. கந்தசாமி அதைத் தின்னரில் முக்கி எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். எழுத்து அப்படியே இருந்தது. கொளஞ்சியப்பன் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு எழுது. ஒண்ணு மோட்டார்ல, ஒண்ணு நோட்டுல" என்றார். அதுதான் வேலை கிடைத்ததற்கு அடையாளம்.

அய்யப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து, கம்பி சுற்றும் பக்கம் போய் உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எதுவும் இல்லை.

மோட்டார் வரும்போதெல்லாம் செவ்வந்தி குந்தி உட்கார்ந்து, கந்தசாமி எண்ணிச் சொல்வதை எழுதுவாள். போகப் போக அவளே எண்ணினாள். கருகின காயிலை ஒரு இடத்தில் வெட்டி, கம்பி முனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். இரண்டு காயிலை எண்ணி இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டில் ஏற்றுவாள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதை எடுப்பாள். கண் பூத்துப்போகும். விரல் எல்லாம் கரி. ஆனால் அந்தப் பட்டறையிலிருந்து அதற்குப் பிறகு மோட்டார் மாறிப் போகவில்லை.

தினம் பத்தரை மணிக்கு எதிர்க் கடையிலிருந்து டீ வரும். முதல் நாள் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸில் வந்தது. அவளுக்கு மட்டும் ஜன்னல் ஓரத்தில் ஒரு அலுமினிய டம்ளர் வைத்தார்கள். யார் வைத்தது என்று அவள் பார்க்கவில்லை. டீ குடிக்கிற பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டாள். பழக்கம் இருந்தது. கொளஞ்சியப்பன் நிமிர்ந்து டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த காயிலுக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. டம்ளரும் வரவில்லை, கிளாஸும் வரவில்லை. டீ வரும் நேரத்துக்கு அவள் வெளியே போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வருவாள்.

எண்பத்தொன்பதில் இடஒதுக்கீட்டு ஆணை வந்தது. பட்டறைத் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். கொளஞ்சியப்பன் லட்டு வாங்கிவந்தார். எல்லோருக்கும் கொடுத்தபோது அவளுக்கும் கொடுத்தார். அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் அய்யப்பன் அவள் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான். ஜெயிலுக்குப் போனவன், இரண்டு வருஷத்தில் அவளிடம் பத்து வார்த்தை பேசியிருப்பானோ என்னவோ.

"கடலூர்ல ஆள் எடுக்கறாங்களாம். எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரீங்களா? என் கையெழுத்து ஒரு மாதிரி."

அவள் தாளை மடித்து ஓரம் போட்டு எழுதிக் கொடுத்தாள். அவன் விலாசத்தை அவன் சொல்லச் சொல்ல, தெரு விடாமல் எழுதினாள். அவன் மூன்று மாசம் காத்திருந்தான். பிறகு இன்னொன்று எழுதச் சொன்னான். அதற்குப் பிறகு ஒன்று. பதில் வராத நாட்களில் அவன் தபால்காரர் வரும் நேரம் வாசலைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். அவனிடம் சொல்வதற்கு அவளிடம் நல்ல சேதி இல்லை. தொண்ணூற்றொன்றில் அவன் யாரிடமும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான்.

செவ்வந்தி அந்தப் பட்டறையில் பதினான்கு வருஷம் இருந்தாள். வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கடலூருக்குப் போவதை எந்த வருஷம் நிறுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு வருஷம் போகவில்லை, அவ்வளவுதான். கோடை வந்தால் கிணறெல்லாம் வற்றி, மோட்டார் காற்றை இழுத்து எரிந்து, பட்டறை வாசல் வரை வரிசையாகக் கிடக்கும். அந்த மாசங்களில் அவள் ராத்திரி ஏழரை மணி பஸ்ஸில்தான் ஊர் போவாள். உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண் சொருகிவிடும். நெடுங்குட்டை நிறுத்தம் வந்தால் கண்டக்டரே தோளில் தட்டாமல், "எழுத்தம்மா, எறங்குங்க" என்று சத்தம் கொடுப்பார்.

அவள் இறங்கி, ராசு வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் அரிக்கேனைப் பார்த்து மெதுவாக நடப்பாள்.